வெப்பச் சமன்பாடு: Δt-ஐ எவ்வளவு வரை கூட்டலாம்?

1 மீட்டர் செம்புக் கம்பியை 1 செ.மீ. இடைவெளியில் புள்ளிகளாகப் பிரித்து, அதில் வெப்பம் பரவுவதைக் கணக்கிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த படியின் மதிப்பை இப்போதைய மதிப்புகளிலிருந்து நேராகக் கணக்கிடும் வெளிப்படை முறையில் மொத்த வேலையும் இந்த ஒரு வரிதான்:

```python
u[1:-1] += r*(u[2:] - 2*u[1:-1] + u[:-2])
```

இங்கே u புள்ளிகளின் வெப்பநிலை, Δt ஒரு படியின் கால அளவு, Δx புள்ளிகளின் இடைவெளி, r = αΔt/Δx². செம்புக்கு வெப்பப் பரவுதிறன் α சுமார் 1.1×10⁻⁴ மீ²/வி. Δt-ஐ 0.5 வினாடி என்று வைத்தால் r = 0.55 வரும். பார்க்க ஒன்றும் தப்பாகத் தெரியாது.

ஆனால் ஒரு புள்ளி மட்டும் 100°, மற்றவை எல்லாம் 0° என்று தொடங்கிப் பாருங்கள். அடுத்த படியில் அந்தப் புள்ளியின் மதிப்பு (1−2r)×100, அதாவது −10°. சுற்றியுள்ள எதையும் விடக் குளிர்ந்துவிட்டது! இயற்கையில் இது நடக்காது. அடுத்தடுத்த புள்ளிகளில் குறி மாறும் ரம்பப்பல் வடிவம் ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய (1−4r) மடங்காகும், இங்கே −1.2. ஐம்பதே படிகளில் அது சுமார் 9,000 மடங்கு. தொடக்க நிலை வழுவழுப்பாக இருந்தாலும் தப்ப முடியாது, கணினியின் வட்டமாக்கல் பிழையே விதையாகிவிடும். சில நூறு படிகள் தாமதமாகும், அவ்வளவுதான்.

எனவே r ≤ 0.5 இருக்க வேண்டும். இந்தக் கம்பிக்கு Δt சுமார் 0.45 வினாடியைத் தாண்டக்கூடாது. சரியாக r = 0.5-இல் ரம்பப்பல் வளராது, ஆனால் எளிதில் தேயவும் தேயாது, r-ஐ 0.4 வைப்பது நல்லது. இருபரிமாணச் சதுர வலையில் r-இன் வரம்பு 0.25.

கம்பியில் Δx-ஐப் பாதியாக்கினால் Δt கால்பங்காகும், கணக்கு எட்டு மடங்காகும். அது கட்டுப்படியாகாதபோது, அடுத்த படியின் எல்லா மதிப்புகளையும் சேர்த்துச் சமன்பாடுகளாகத் தீர்க்கும் உள்ளார்ந்த முறைக்கு மாறுங்கள்.