வங்கிக் கடனை நம்பி வீடு வாங்குவோர் கவனத்திற்கு

கோத்தகிரியில் 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 4 லட்சம் முன்பணம் கொடுத்துக் கிரய உடன்படிக்கை எழுதும் ஒருவர், மீதியில் பெரும்பகுதிக்கு வங்கிக் கடனையே நம்பியிருந்தால், ‘கடன் கிடைத்தால்’ என்று மட்டும் எழுதுவது போதாது. பின்னாளில் வழக்காவது பெரும்பாலும் இந்த இரண்டு சொற்கள்தாம்.

‘வாங்குபவர் பதினைந்து நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், வில்லங்கமும் கட்டட வரைபட அனுமதியும் பார்த்தபின் வங்கி குறைந்தது 28 லட்சத்துக்கு இறுதி அனுமதிக் கடிதம் தந்த பிறகே கிரயம் முடிக்கும் கடமை தொடங்கும், அறுபது நாட்களுக்குள் அது வராவிட்டால் உடன்படிக்கை முடிவுற்று முன்பணம் முழுவதும் திரும்பும்’ என்று தொகையும் தேதியும் தெளிவாக இருக்கட்டும்.

சம்பளச் சீட்டை மட்டும் பார்த்து வங்கி தரும் முதற்கட்டக் கடிதம் இதில் சேராது. மலைப்பகுதியில் அனுமதியற்ற கட்டடத்துக்கான கடன் சட்டப் பரிசீலனையில்தான் நின்றுபோகும்.

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, குறித்த காலத்துக்குள் நிபந்தனை நிறைவேறாவிட்டால் அத்தகைய ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். ஆனால் விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டு அந்த நிபந்தனையைக் காட்டி விலக முடியாது. ஆகவே வங்கியின் மறுப்புக் கடிதத்தை எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.