காண்ட் பக்கம் எழுதும்போது கூட்டிக் கழிக்காதீர்கள்

டர்பனில் முதலாண்டு தத்துவம் படிக்கும் என் அக்கா மகள் ஒரு கட்டுரையைக் காட்டினாள். ஒரு செயல் சரியா என்பதை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்: விளைவை வைத்து எடைபோடும் பயன்வாதம் ஒன்று, கடமையை வைத்து எடைபோடும் ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் இன்னொன்று. அவள் எடுத்த உதாரணம் இது. சாட்ஸ்வொர்த்தில் ஒருவர், திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல், "மாதக் கடைசியில் தருகிறேன்" என்று மருந்து வாங்க 500 ராண்ட் கடன் கேட்கிறார். பயன்வாதப் பக்கம் சரி: மருந்து வாங்கிய நன்மை, ஏமாந்தவரின் நட்டம், அவர் இனி யாருக்கும் உதவத் தயங்குவது, எல்லாம் கணக்கில் வந்திருந்தது.

கடமைப் பக்கத்தில்தான் சறுக்கல். "எல்லாரும் இப்படிச் செய்தால் ஊரே கெட்டுவிடும்" என்று எழுதியிருந்தாள். அதுவும் விளைவுக் கணக்குதானே! 1785இல் காண்ட் காட்டியது வேறு. இதைப் பொது விதியாக்கினால் வாக்குறுதியை யாரும் நம்பமாட்டார்கள். அப்புறம் பொய் வாக்கால் கடன் வாங்கவே வழியில்லை. அதனால் "கெட்டுவிடும்" என்பதை அடித்துவிட்டு, "அந்த விதி தன்னையே முறித்துக்கொள்கிறது" என்று எழுதச் சொன்னேன்.