நீளமான தலைப்பை எங்கே உடைப்பது?

பக்கம் வடிவமைக்கும் மென்பொருளுக்குக் கட்டத்தின் அகலம் மட்டும்தான் தெரியும். எந்தச் சொல் எதோடு சேர்ந்தது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். மேட்டூர் அணைத் திறப்புக்கு ஒரு மாதிரித் தலைப்பை எடுத்துக்கொள்வோம். மூன்று வரிக் கட்டத்தில் அது தானாக இப்படி விழுகிறது:

மேட்டூர் அணையிலிருந்து டெல்டா
பாசனத்துக்கு 10 ஆயிரம் கன
அடி தண்ணீர் திறப்பு

முதலில் இதை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு இயல்பாக நிற்கும் இடங்களில் சாய்கோடு போடுங்கள்: மேட்டூர் அணையிலிருந்து / டெல்டா பாசனத்துக்கு / 10 ஆயிரம் கன அடி தண்ணீர் / திறப்பு. வேற்றுமை உருபு வந்து முடியும் இடம் பெரும்பாலும் நல்ல நிறுத்தம். எண்ணையும் அலகையும் பிரிக்கக் கூடாது. பெயரெச்சத்தையும் அதன் பெயரையும் பிரிக்கக் கூடாது. இங்கே ‘டெல்டா’ தனியே தொங்குகிறது, ‘கன அடி’ இரண்டாகிவிட்டது.

அடுத்து, சொல்லைக் குறையுங்கள். அணையிலிருந்து கன அடிக் கணக்கில் திறப்பது தண்ணீர்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால்:

மேட்டூர் அணையிலிருந்து
டெல்டா பாசனத்துக்கு
10 ஆயிரம் கன அடி திறப்பு

ஒருவேளை ‘டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பு’ என்று மாற்றி எழுதினால் ஒற்று வரும். பிறகு ‘தண்ணீர்’ போய் எண் வந்தால் ஒற்றையும் எடுக்க வேண்டும். அவசரத்தில் இந்த ‘த்’ அப்படியே அச்சுக்குப் போய்விடும்.

பொருளையே புரட்டிவிடும் உடைப்புதான் மிக மோசம்:

பஸ் கட்டண உயர்வு
இல்லை: அமைச்சர் உறுதி

முதல் வரி பெரிய எழுத்தில் நேர்மாறான செய்தியைச் சொல்கிறது. கடையில் தொங்கும் பேப்பரைப் பார்த்தபடி நடந்துபோகிறவர் அந்த ஒரு வரியோடு போய்விடலாம். இந்த இடத்தில் வரியை மட்டும் நகர்த்திப் பயனில்லை, எதிர்மறையை வினைக்குள்ளேயே கொண்டுவர வேண்டும்:

பஸ் கட்டணம் உயராது:
அமைச்சர் உறுதி

சரி, இனி மென்பொருள் வேலை. இன்டிசைனில் தலைப்புக்கு Hyphenate தேர்வை நீக்குங்கள். வரியை உடைக்க Shift+Enter அழுத்துங்கள். வெறும் Enter அடித்தால் புதிய பத்தியாகி, பத்திக்கு முன்னும் பின்னும் கொடுத்த இடைவெளி வரிகளுக்கு நடுவே புகுந்துவிடும். ‘கன’, ‘அடி’ போலப் பிரியக் கூடாத சொற்களுக்கு நடுவே Ctrl+Alt+X கொடுத்து, பிரியாத இடைவெளி வையுங்கள். மேக்கில் Cmd+Option+X.

எழுத்தை எண்ணி வரியளவு பார்க்காதீர்கள். ‘ணை’யும் ‘ர’வும் ஒரே அகலம் இல்லை. அச்சுக்குப் போகும் எழுத்துருவிலேயே, அதே அளவில் பாருங்கள்.

கடைசி நேரத்தில் விளம்பரம் வந்து கட்டம் சுருங்கினால், நீங்கள் வைத்த உடைப்புகள் அங்கேயே நிற்கும். நடுவில் ஒற்றைச் சொல் வரி உருவாகும். அப்போது Type பட்டியலில் Show Hidden Characters போட்டு, பழைய உடைப்புகளை எல்லாம் நீக்கிவிட்டு, அந்த இடங்களில் சொல் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, புது அகலத்துக்கு மறுபடி படித்து உடையுங்கள்.