காதிரைச்சலுக்குக் கேட்டல் கருவி போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காதுக்குள் ஓயாமல் "கீ" என்று கூவுகிறது, கேட்கும் திறனும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் கேட்டல் கருவி வாங்கியதும் அதைக் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும் போடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். ஆனால் இரைச்சல் எடுப்பாகக் கேட்பது அமைதியான வீட்டில்தான். மெல்லிய சத்தங்கள் காதுக்கு எட்டாதபோது மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்வதே இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம். பனையோலைச் சரசரப்பையும் அடுப்படிச் சத்தத்தையும் திரும்பக் கொடுக்கத்தான் கருவி. ஆகவே விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அது காதில் இருக்க வேண்டும்.

அடுத்த தவறு கருவியின் நுனியில் இருக்கிறது. ஒருவருடைய கேட்டல் சோதனை வரைபடமான ஓடியோகிராமில் கேட்டல் குறைவு 1000 ஹேர்ட்ஸ் வரை 15 டெசிபெல், 4000இல் 40 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். தாழ்ந்த ஒலிகளுக்கு அவருடைய காதே போதும். அந்தக் காதில் ஓட்டையில்லாத ரப்பர் முனையைச் செருகினால், இயல்பாக வந்த ஒலியும் அடைபட்டு இரைச்சல் கூடும். சொந்தக் குரலும் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கும். சோதிப்பது சுலபம்: கருவியை நிறுத்திவிட்டுக் காதில் போடுங்கள். உடனே இரைச்சல் எழும்பினால் காது அடைபடுகிறது. பெரிய துளைகளுள்ள திறந்த முனை கேளுங்கள்.

கருவி சரியாகப் பொருந்தியும் வீட்டில் பயனில்லை என்றால், பின்னணிச் சத்தத்தைக் குறைக்கும் வசதியைப் பார்க்க வேண்டும். சந்தையில் அது உதவும். அமைதியான அறையில் நமக்குத் தேவையான மெல்லிய சத்தத்தையே அது வெட்டிவிடக்கூடும். வீட்டுக்கென்று அந்த வசதியைக் குறைத்த தனி புரோகிராம் ஒன்றைப் பொருத்துநரிடம் கேட்டு வாங்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் தொல்லை இருந்தால்தான், மெல்லிய "ஷ்" ஓசையை எழுப்பும் ஒலி உருவாக்கியைச் சேர்ப்பது நல்லது. பல கருவிகளுக்குள்ளேயே அது இருக்கும். இங்கேதான் அதிகம் பிழை விடுகிறார்கள்: இரைச்சல் முழுதாக மறையும்வரை சத்தத்தைக் கூட்டுகிறார்கள். அப்போது நிம்மதிதான். ஆனால் மூளை கேட்காத ஒன்றுக்குப் பழக முடியாது. நிறுத்தியதும் இரைச்சல் பழையபடி நிற்கும். எதிரில் கதைப்பவரின் சொல்லும் அமுங்கிப்போகும்.

சரியான அளவை அமைதியான அறையில் பிடியுங்கள். பூச்சியத்திலிருந்து மெதுவாகக் கூட்டுங்கள். "ஷ்" ஓசையும் காதிரைச்சலும் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கும் இடம் வரும். அதற்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். இரண்டும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பிறகு அன்று முழுவதும் அதைத் தொடாதீர்கள். இரைச்சல் ஏறும்போதெல்லாம் சத்தத்தை ஏற்றிக்கொண்டு போனால், நாள் முழுக்க இரைச்சலையே கண்காணித்துக்கொண்டிருப்பீர்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகும். இரவில் கருவியைக் கழற்றியபின் மின்விசிறியோ தலைமாட்டில் மெல்லிய மழையோசையோ போதும்.

ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் இரைச்சல், இவற்றில் எது இருந்தாலும் கருவி வாங்கும் முன் யாழ். போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். அதற்கான சிகிச்சை நாள் பிந்தப் பிந்தப் பலன் குறையும்.