எட்டு மடல்கள், ஒரே நடை: கட்டாக வரும் கடிதங்களைத் திருத்தும்போது நேரும் தவறுகள்

ஒரு காலையில் எட்டு மின்னஞ்சல் வரைவுகள் ஒரே கட்டாக என்னிடம் வந்தன. கூடவே ஒரு வரிக் குறிப்பு: "எல்லாவற்றையும் முறையான நடைக்கு மாற்றி, மதியத்துக்குள் அனுப்பிவிடுங்கள்."

பணி ஓய்வு பெறும் ஒருவருக்கு நன்றி மடல். தாயை இழந்த ஊழியருக்கு இரங்கலும் விடுப்பு அனுமதியும். இரண்டு சுற்று நேர்காணலுக்கு வந்தும் தேர்வாகாத ஒருவருக்குப் பதில். பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு மூன்றாம் நினைவூட்டல். தொடர்ந்து தாமதமாக வரும் ஊழியருக்கு எச்சரிக்கை. பழுதான பொருளைப் பெற்றவரின் புகாருக்குப் பதில். வேலை நேர மாற்றம் பற்றிய சுற்றறிக்கை. பல ஆண்டுகளாக நமக்கு வேலை செய்துவரும் அச்சகத்தாரிடம் ஒரு விலை விசாரிப்பு.

அந்தக் குறிப்பை அப்படியே நிறைவேற்றுவதுதான் முதல் தவறு. அப்படிச் செய்தால் ஓய்வு பெறுபவருக்கு "தங்களது நீண்ட காலச் சேவை இதன்மூலம் பாராட்டப்படுகிறது" என்று போகும். யார் பாராட்டுகிறார்கள்? அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. இதற்கு நேர்மாறான தவறையும் பார்த்திருக்கிறேன். மனிதத்தன்மையோடு எழுத வேண்டும் என்று எண்ணும் ஒருவர் எட்டு மடல்களிலும் "நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்" என்று தொடங்குவார். எச்சரிக்கைக் கடிதத்தின் தலையில் அந்த வரி உட்கார்ந்தால், அதைப் பெறுபவருக்கு அது கனிவாகப் படாது; குத்தலாகப் படும்.

பழக்கத்தை வைத்துப் பிரிப்பது

கட்டைப் பிரிக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டவர்கள்கூடப் பெரும்பாலும் தவறான அளவுகோலை எடுக்கிறார்கள். பெறுபவர் தெரிந்தவரா, தெரியாதவரா என்று பார்க்கிறார்கள். தெரிந்தவருக்குக் கனிவு, தெரியாதவருக்கு முறைமை என்று பங்கு போட்டுவிடுகிறார்கள். எச்சரிக்கை பெறும் ஊழியர் உங்களோடு தினமும் மதிய உணவு உண்பவராக இருக்கலாம். நேர்காணலுக்கு வந்தவரை நீங்கள் நேரில் பார்த்தே இராமல் இருக்கலாம். இந்த அளவுகோலின்படி எச்சரிக்கை குழைந்துபோகும், மறுப்பு உறைந்துபோகும்.

நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு: இந்த மடலை இவரைத் தவிர வேறு யார், எப்போது, எதற்காகப் படிப்பார்கள்? எச்சரிக்கைக் கடிதம் பணிக்கோப்பில் தங்கிவிடும். இரண்டு ஆண்டுகள் கழித்து, எங்கள் இருவரையும் அறியாத ஒருவர் அதை எடுத்துப் பார்க்கக்கூடும். என்ன நடந்தது, எந்தெந்த நாட்களில், என்ன எதிர்பார்க்கப்படுகிறது, மீறினால் என்ன ஆகும் என்பவை மட்டுமே அவருக்குத் தேவை. அதில் "உங்கள் உழைப்பின் மீது எங்களுக்கு மிகுந்த மதிப்பு உண்டு" என்று ஆறுதலுக்காக ஒரு வரி சேர்த்திருந்தால், பின்னாளில் அந்த வரிதான் மேற்கோளாகத் திரும்பி வரும். ஆறுதல் சொல்ல வேண்டுமானால் கடிதத்தைக் கொடுக்கும்போது எதிரில் உட்கார்ந்து சொல்லலாம். வாயால் சொன்னால் அதன் மதிப்பு குறைவதில்லை.

சுற்றறிக்கையும் இதே வகைதான். "நம் குடும்பத்தினர் அனைவரும் ஒத்துழைப்பீர்கள்" என்று எழுதினால், புதிய நேரம் கட்டாயமா, வேண்டுகோளா என்று பத்துப் பேராவது கேட்டு வருவார்கள்.

சூடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திருத்துவது

"நீங்கள்" என்பதைத் "தாங்கள்" என்று மாற்றிவிட்டால் மடல் முறையாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். "தாங்கள்" காட்டுவது மரியாதையை; தொலைவை அல்ல. ஓய்வு பெறும் மூத்தவருக்கு "தாங்கள் கற்றுக்கொடுத்ததை நான் இன்றும் செய்துகொண்டிருக்கிறேன்" என்று எழுதினால், அது எவ்வளவு நெருக்கமாக ஒலிக்கிறது. பாதி மடலில் "தாங்கள்", மீதியில் "நீங்கள்" என்று கலந்துவிடுவது இன்னும் மோசம். இரண்டு பேர் எழுதி ஒட்டிய மடல் என்பது அப்பட்டமாகத் தெரியும்.

தமிழில் கனிவும் கண்டிப்பும் பெரும்பாலும் வினைமுற்றில்தான் இருக்கின்றன. ஒரே செய்தியை நான்கு விதமாகச் சொல்லிப் பாருங்கள். "தொகையைச் செலுத்திவிடுங்கள்" என்பதில் ஓர் உரிமை இருக்கிறது. அந்த "விடு" பழகியவரிடம் பேசும் தொனி. "செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்பது பணிவான வேண்டுகோள். மறுக்கவும் இடம் தருகிறது. "செலுத்தவும்" என்பது அறிவிப்புப் பலகையின் நடை. தனி ஒருவருக்கு எழுதும் மடலில் வெடுக்கென்று இருக்கும். "செலுத்த வேண்டும்" என்பது கடமையைச் சொல்கிறது. ஆகவே மடலின் முக்கியமான வாக்கியத்தில் எந்த வினைமுற்று நிற்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வணக்கத்தையும் விளிப்பையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நினைவூட்டல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 30 நாள் தவணை கடந்ததும் போன முதல் மடல், "மறந்திருக்கலாம், ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று இலகுவாக இருந்தது. அது சரியே. இரண்டாவதும் அதே தொனியில் போனது, பதில் இல்லை. என் கைக்கு வந்த மூன்றாவது வரைவும் "அன்புள்ள" என்று தொடங்கி, "உங்கள் வேலைப் பளு எங்களுக்குப் புரிகிறது" என்று தொடர்ந்தது. இப்படி எழுதினால் நாம் சொல்லாமல் சொல்வது என்ன? இன்னும் காத்திருக்கலாம் என்பதைத்தான். மூன்றாவது மடலில் நடை மாறுவதே ஒரு செய்தி.

ஆனால் அந்த வரைவைத் திருத்திய வேறொருவர் விளிம்பில் இப்படி எழுதிவைத்திருந்தார்: "பலமுறை நினைவூட்டியும் தாங்கள் அலட்சியம் காட்டுவது மிகுந்த வருத்தமளிக்கிறது." இதை முறையான நடை என்று எண்ணுவது பரவலான பிழை. இது கோபம், கோட்டு அணிந்த கோபம். முறையான நடை உணர்ச்சியின் இரு பக்கமும் சாயாது. கடைசியில் போனது இதுதான்:

"எங்கள் பட்டியலின்படி செலுத்த வேண்டிய தொகை இதுவரை வரவில்லை. இது குறித்து இரண்டு நினைவூட்டல்கள் அனுப்பியுள்ளோம். இந்த மடல் கிடைத்த ஏழு நாட்களுக்குள் முழுத் தொகையையும் செலுத்த வேண்டும். தொகையில் கருத்து வேறுபாடு இருந்தால், அதே ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அதன் பிறகு புதிய ஆர்டர்களை ஏற்க இயலாது."

பட்டியல் எண், தொகை, முந்தைய மடல்களின் தேதிகள் ஆகியவை தலைப்பிலேயே இருந்தன. "தெரிவியுங்கள்" என்ற ஒரு சொல்லை வேண்டுமென்றே இளக்கமாக விட்டேன். அது அவருக்குத் திறந்திருக்கும் கதவு. கடைசி வரியில் இருப்பதைச் செய்வது என்று உண்மையிலேயே முடிவாகியிருந்தது. அப்படி முடிவாகாத விளைவை இத்தகைய மடலில் எழுதக் கூடாது.

ஒரு மடலில் இரண்டு வேலை

இரங்கலும் விடுப்பு அனுமதியும் ஒன்றாக வந்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற மடலை நான் பிரிக்காமல் அனுப்பினேன். முதல் பத்தியில் தாயின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல், இரண்டாம் பத்தியில் "திரும்பிய மூன்று நாட்களுக்குள் உரிய படிவத்தைச் சமர்ப்பிக்க வேண்டும்." அவர் அதைப் படித்தது துக்க வீட்டில். இரண்டாம் பத்தியைப் படித்ததும் முதல் பத்தி பொய்யாகிப்போனது என்று பின்னர் என்னிடமே சொன்னார். அதை நான் மறக்கவில்லை.

இந்த மடலில் நடையைச் சரிசெய்ய முயல்வதே வீண். எவ்வளவு கவனமாக எழுதினாலும் இரண்டும் ஒட்டாது. பிரித்துவிட வேண்டும். இரங்கல் தனியாக, ஒருவரின் பெயரில், நான்கைந்து வரிகளில், எந்தக் கோரிக்கையும் இல்லாமல், "பதில் எழுத வேண்டியதில்லை" என்ற வரியோடு போகட்டும். விடுப்பு அனுமதி தேதிகளோடு தனியே போகட்டும். படிவம் பற்றிய பேச்சு அவர் திரும்பிய பிறகு வரட்டும். ஆக எட்டு மடல்கள் ஒன்பதாயின.

பிரிக்க முடியாதவையும் உண்டு. தேர்வாகாதவருக்கான பதிலில் முடிவும் நன்றியும் ஒரே மடலில்தான் வர வேண்டும். அங்கே கனிவுக்கு இடம் இருக்கிறது, ஆனால் முடிவைச் சொல்லும் வாக்கியத்துக்குள் இல்லை. "தற்போதைக்கு உங்களை எங்களோடு இணைத்துக்கொள்ள முடியாத நிலை இருப்பதை எண்ணி வருந்துகிறோம்" என்றால் படிப்பவர் "தற்போதைக்கு" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பார். "இந்தப் பணிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்" என்று முதலில் சொல்லிவிட்டு, அவர் இரண்டாம் சுற்றில் செய்த ஏதேனும் ஒன்றைக் குறிப்பிட்டு நன்றி சொல்வது மேல். குறிப்பிட எதுவும் தெரியவில்லை என்றால் நேர்காணல் செய்தவரிடம் கேளுங்கள். எல்லோருக்கும் பொருந்தும் பாராட்டை எழுதாதீர்கள்.

புகாருக்கான பதிலும் இதே அமைப்புதான்: மன்னிப்பு மனிதக் குரலில், மாற்றுப் பொருள் வரும் நாள் துல்லியமாக. அச்சகத்தாருக்கோ வழக்கமான இணக்கமே போதும். எண்ணிக்கை, தாளின் வகை, தேவைப்படும் நாள் ஆகியவை மட்டும் தனித்தனி வரியில் தெளிவாக இருந்தால் சரி. நெடுநாள் பழகியவருக்குத் திடீரென்று "மதிப்பிற்குரிய ஐயா" என்று போனால், நம்மிடம் என்ன தப்பு கண்டார்களோ என்று அவர் தொலைபேசியில் அழைப்பார்.

வந்த வரிசையிலேயே எழுதுவது

எச்சரிக்கையை எழுதி முடித்த கையோடு இரங்கலை எழுதினால், அதன் விறைப்பு இதிலும் ஒட்டிக்கொள்ளும். இதை நான் பழைய மடல்களில் கண்ணாரக் கண்டிருக்கிறேன்: "தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்." அதனால் கட்டை முதலில் மூன்றாக அடுக்குவேன். முழு முறைமை வேண்டியவை: எச்சரிக்கை, நினைவூட்டல், சுற்றறிக்கை, விடுப்பு அனுமதி. முழுக் கனிவுக்குரியவை: நன்றி, இரங்கல். இரண்டும் கலந்தவை: மீதி மூன்று. ஒவ்வோர் அடுக்கையும் ஒரே அமர்வில் எழுதிவிட்டு எழுந்து நடப்பேன். மதியத்துக்குள் என்ற கெடு இருந்தாலும் பத்து நிமிட இடைவெளிக்கு எப்போதும் இடம் இருக்கிறது.

அனுப்பும் முன் இரண்டு சோதனைகள். ஒன்று, ஒவ்வொரு மடலிலும் விளிப்பையும் கடைசி வரியையும் மட்டும் அடுத்தடுத்துப் படிப்பது. பெயர் மாறியிருந்தாலும், எச்சரிக்கையின் முடிவில் "அன்புடன்" நின்றிருந்தாலும் அப்போது கண்ணில் பட்டுவிடும். மற்றொன்று, அதே வகை மடலை முன்பு வேறொருவருக்கு எந்த நடையில் அனுப்பினோம் என்று பார்ப்பது. அன்று கோப்பைத் திறந்தபோது, அதே தாமதத்துக்காகச் சென்ற மாதம் மற்றொரு ஊழியருக்குப் போன எச்சரிக்கை கிடைத்தது. அது என் வரைவைவிடக் கடுமையாக இருந்தது. இருவரும் அடுத்தடுத்த மேசையில் இருப்பவர்கள். முந்தைய கடிதத்தில் இருந்த கடுஞ்சொல் ஒன்றை இதில் சேர்க்கவில்லை. தேதிகள், எதிர்பார்ப்பு, விளைவு ஆகியவற்றை மட்டும் வரிக்கு வரி அதற்கு ஈடாக்கினேன். அந்தச் சொல்லை இனி எந்த எச்சரிக்கையிலும் எழுதக் கூடாது என்று, குறிப்பு எழுதியவருக்குத் தனியாக ஒரு மடல் அனுப்பினேன்.