ஆளில்லாத ஒரு ஷாட்

கன்னியாகுமரி பக்கத்தில் கடலோரமாக இருக்கும் வட்டக்கோட்டையில் ஜோடியைப் படம் பிடிக்கும்போது பிளாஷ் ஸ்டாண்டைக் கிட்டத்தில் வைத்தால்தான் முகத்தில் நல்ல வெளிச்சம் விழும். ஆனால் ஸ்டாண்டும் அதைப் பிடித்து நிற்கும் தம்பியும் ஃபிரேமுக்குள் வந்துவிடுவார்கள். வரட்டும். படம் எடுத்து முடித்ததும் கேமரா நிற்கும் டிரைபாடைத் தொடாமல் எல்லாரையும் விலகச் சொல்லி, வெறும் இடத்தை இன்னொரு ஷாட் எடுங்கள். பிறகு எடிட்டிங்கில் வெறும் ஷாட் கீழேயும் ஜோடிப் படம் மேலேயுமாக இரண்டையும் லேயராக வைத்து, மேல் படத்தில் ஸ்டாண்ட் இருந்த இடத்தில் மட்டும் மாஸ்க் போட்டால் அது மறைந்துவிடும்.

ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றும் மேனுவலில் இருக்கட்டும். ஆட்டோவில் விட்டால் ஆள் விலகியதும் கேமரா கோட்டைச் சுவரில் ஃபோகஸ் செய்துவிடும், ஓரங்கள் பொருந்தாது. சாயங்காலம் என்றால் ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள், வெயில் அவ்வளவு சீக்கிரம் இறங்கும்.

பிளாஷ் வெளிச்சம் தரையிலும் விழுந்திருக்கும், வெறும் ஷாட்டில் அது இருக்காது. அதனால் மாஸ்க்கை ஸ்டாண்டை ஒட்டியே போட்டு ஓரத்தை மென்மையாக்குங்கள். இன்னொன்று, ஸ்டாண்டுக்குப் பின்னால் கல்சுவர் வருமாறு நிறுத்துங்கள். கடல் வந்தால் அலை மாறியிருக்கும், ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும்.

சுற்றுலாக் கூட்டம் விலகவே மாட்டார்களா? சரி, நாலைந்து ஷாட் எடுங்கள். ஒன்றில் ஆள் நின்ற இடம் இன்னொன்றில் காலியாக இருக்கும், அந்தக் காலி இடங்களை இதேபோல் மாஸ்க் போட்டுச் சேர்த்துவிடலாம்.