பாட்டு கால்களை விரட்டக் கூடாது: பெற்றோருடன் மாலை நடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூங்காவின் முதல் சுற்றில் அம்மா நன்றாகத்தான் நடந்தார். இரண்டாவது சுற்றில், நான் போட்ட மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. பாதையில் ஏற்றம் எதுவும் இல்லை, வெயிலும் தணிந்துவிட்டிருந்தது. வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டை மறுபடி கேட்டபோதுதான் காரணம் பிடிபட்டது. குரல் தாலாட்டுப் போல இருந்தது. அடியில் தபலா விரட்டிக்கொண்டிருந்தது. குரலின் இனிமையை வைத்து அதை மெல்லிசை என்று நான் முடிவு செய்திருந்தேன். அம்மாவின் கால்கள் தபலாவைக் கேட்டிருக்கின்றன.

பலரும் செய்கிற முதல் தவறு இதுதான். பாட்டின் மென்மையைக் குரலிலும் வரிகளிலும் தேடுகிறோம். நடக்கும்போது உடல் பிடித்துக்கொள்வது தாளத்தை. காதில் சீரான தட்டு விழுந்தால் கால் அதனோடு சேர்ந்துகொள்ளப் பார்க்கும். பலருக்கு இது தாங்கள் அறியாமலே நடக்கிறது. இளையவருக்கு நிமிடத்தில் இருபது அடி கூடினால் ஒன்றுமில்லை. எழுபதைத் தாண்டியவருக்கு அது மூச்சிலும் முழங்காலிலும் தெரியும்.

தாளத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், கடிகாரம் போதும். பாட்டு இல்லாமல், பேச்சும் இல்லாமல், அவர் தன் போக்கில் நடக்கும்போது பதினைந்து விநாடிகளுக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணி, நான்கால் பெருக்குங்கள். கிளம்பியவுடன் எண்ணாதீர்கள், ஐந்து நிமிடம் நடந்து உடல் இளகிய பிறகு எண்ணுங்கள். அம்மாவுக்கு 22 அடி வந்தது, அதாவது நிமிடத்துக்கு 88. பிறகு வீட்டில் உட்கார்ந்து பாட்டைப் போட்டு, கை தன்னால் தொடையில் எங்கே தட்டுகிறதோ அதை அதே பதினைந்து விநாடிகளுக்கு எண்ணினேன். 29 தட்டு, நிமிடத்துக்கு 116. அம்மா அந்த வேகத்தை எட்டியிருக்க மாட்டார். ஆனால் எட்டிப் பிடிக்க முயன்றுகொண்டே இரண்டு நிமிடம் நடந்திருக்கிறார்.

இப்போது அம்மாவுக்கு 82 முதல் 90 தட்டு வரை உள்ள பாட்டுகளையே வைத்திருக்கிறேன். பல்லவியில் மட்டும் எண்ணினால் போதாது. பல்லவி நிதானமாக நடந்து, இடையிசையில் திடீரென்று தாளம் இரட்டிப்பாகும் பாட்டுகள் நம்மிடம் நிறைய உண்டு. சரணத்துக்கு முன் வரும் அந்த இடத்தையும் ஒரு முறை கேட்டுவிட வேண்டும்.

விரைவு ஆகாது என்றதும் மிக மெதுவான பாட்டுக்குத் தாவுவது அடுத்த தவறு. 88 அடி நடப்பவருக்கு 60 தட்டு உள்ள பாட்டைப் போட்டால், அவர் ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரும். அப்படிக் காத்திருக்கும்போது உடல் ஒற்றைக் காலில் நிற்கும் நேரமும் கூடுகிறது. இயல்பான வேகத்தைவிட மிகவும் மெதுவாக நடப்பது வயதானவர்களுக்குச் சமநிலையைக் கடினமாக்கும். மெதுவான பாட்டுதான் வேண்டும் என்றால், தாளக் கட்டே இல்லாத விருத்தமோ ஆலாபனையோ நல்லது. அதில் கால் பற்றிக்கொள்ளத் தட்டு இல்லாததால் நடை அதன் போக்கில் போகிறது. அப்பாவுக்கு நாதஸ்வர ஆலாபனை பிடிக்கும். நாங்கள் பெரும்பாலும் அதில்தான் நடையைத் தொடங்குகிறோம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பார்க்கின்சன் நோய் உள்ள சிலருக்குச் சீரான தாளம் நடையைச் சீராக்க உதவுகிறது. இயன்முறை மருத்துவர்கள் அதைப் பயிற்சியாகவே தருகிறார்கள். ஆனால் அவர்களுக்கான வேகத்தை அந்த மருத்துவர் நேரில் பார்த்து நிர்ணயிக்க வேண்டும். மேலே சொன்ன எண்ணிக்கையை வைத்து நாமே முடிவு செய்துவிடக் கூடாது.

அடுத்தது யாருடைய பழைய பாட்டு என்பது. நான் 1976-இல் பிறந்தவன். 'பழைய பாட்டு' என்றால் என் மனத்தில் எண்பதுகள்தான் ஓடும். ஒரு மாதம் முழுக்க அவற்றையே போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்: "இதெல்லாம் உன் காலத்துப் பாட்டு. அப்போது எனக்குப் பாட்டுக் கேட்க எங்கே நேரம் இருந்தது?" சொன்னதில் வருத்தம் இல்லை, ஆனால் எனக்குச் சுருக்கென்றது. எண்பதுகளில் அவருக்கு வயது நாற்பதை ஒட்டி. அந்தப் பாட்டுகள் வீட்டில் ஒலித்திருக்கும், அவருக்குள் போயிருக்காது.

மனிதர்களுக்குத் தங்கள் வாழ்வில் மிகத் தெளிவாக நினைவில் நிற்பது ஏறத்தாழ பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையான காலம் என்று நினைவாற்றலை ஆராய்பவர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். இசையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டு, முதல் இரண்டு சுரம் கேட்டவுடன் வந்து நின்றுவிடும். அதனால் நான் கணக்கை இப்படிப் போட்டேன். பிறந்த ஆண்டோடு 12-ஐக் கூட்டினால் தொடக்கம், 25-ஐக் கூட்டினால் முடிவு. அப்பா 1944, ஆகவே 1956 முதல் 1969 வரை. அம்மா 1951, ஆகவே 1963 முதல் 1976 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவது 1963 முதல் 1969 வரை. இருவரும் சேர்ந்து நடக்கும் நாளில் அந்த ஏழு ஆண்டுகளிலிருந்து எடுக்கிறேன். யாராவது ஒருவர் மட்டும் வரும் நாளில் அவருடைய காலத்துக்குள் போகிறேன்.

"என்ன பாட்டு வேண்டும்?" என்று கேட்டால் "ஏதாவது போடு" என்றுதான் பதில் வரும். பிள்ளைக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. "பள்ளிக்குக் கிளம்பும்போது வானொலியில் என்ன ஓடிக்கொண்டிருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். அம்மா உடனே ஒரு வரியைப் பாடினார். அது யாருடைய குரல் என்று அவருக்கு நினைவில்லை. இரண்டாம் சரணம் முழுதாக நினைவிலிருந்தது.

அப்படிக் கிடைத்த பாட்டைத் தேடும்போது புதிதாகப் பாடிய பதிப்பு முதலில் வந்து நிற்கலாம். அதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். தெரிந்த பாட்டில் எந்த இடத்தில் எந்த வாத்தியம் வரும் என்பதுகூட அவர்களுக்குப் பாடம். அந்த இடத்தில் வேறொன்று வந்தால் கவனம் பாதையை விட்டுப் பாட்டுக்குப் போய்விடும். இசைச் செயலியே தன்னால் அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இதமான பாட்டு முடிந்ததும் இரைச்சலான விளம்பரம் வந்து விழுந்து, கைத்தடியோடு நடந்துகொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாட்டுகளை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் அந்தக் கவலை இல்லை.

ஒலியைப் பற்றிய தவறுகளைச் செய்பவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள். கேட்கவில்லை என்றதும் சத்தத்தைக் கூட்டுகிறோம். முதுமையில் பெரும்பாலும் முதலில் குறைவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். ச, த போன்ற மெய்யொலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அதனால் சத்தம் கேட்கிறது, சொல் புரிவதில்லை. ஒலியைக் கூட்டினால் வாத்தியங்களும் சேர்ந்து உயர்ந்து காதைக் குத்தும், சொல் அப்போதும் தெளியாது. குரல் முன்னே நிற்கும், வாத்தியம் குறைந்த பாட்டைத் தேர்ந்தெடுத்தால் குறைந்த ஒலியிலேயே வரிகள் பிடிபடும். போனைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பாட விடுவதும் இதே கெடுதலைத்தான் செய்கிறது. துணி முதலில் விழுங்குவது உச்ச ஒலிகளை. கையில் பிடித்துக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கர் நல்லது. நமக்கு மட்டும் கேட்கும் அளவு வைத்தால் பக்கத்தில் நடப்பவர்களுக்கும் தொல்லை இல்லை.

இரண்டு காதிலும் இயர்போன் வேண்டவே வேண்டாம். பின்னால் வரும் சைக்கிளையும் ஓடிவரும் குழந்தையையும் காது முதலில் அறிந்தால்தான் உடல் ஒதுங்கும். ஒன்றை அம்மாவுக்கும் ஒன்றை அப்பாவுக்கும் பகிர்ந்து கொடுப்பதாக இருந்தால், தொடக்க கால ஸ்டீரியோ பதிவுகளில் ஒரு சிக்கல் உண்டு. சிலவற்றில் குரல் ஒரு பக்கமும் வாத்தியம் மறுபக்கமுமாகப் பிரிந்திருக்கும். ஒருவர் பாட்டுக் கேட்பார், மற்றவர் வெறும் வயலின் கேட்டுக்கொண்டு பேசாமல் வருவார். போனின் Settings-இல் Accessibility பகுதிக்குள் Mono audio என்று இருப்பதை இயக்கினால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும்.

கடைசியாக, நடை முழுக்கப் பாட்டை ஓட விடாதீர்கள். வயதானவர்களில் சிலர் நடக்கும்போது கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்வார்கள். பேச்சையும் நடையையும் ஒரே நேரத்தில் கவனிப்பது அவர்களுக்குப் பாரமாகிவிட்டது என்பதன் அடையாளம் அது. அப்படி நிற்பவர்கள் விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. உங்கள் பெற்றோர் அப்படி நிற்கிறார் என்றால், பாட்டு ஓடும்போது நீங்கள் பேச வேண்டாம். நாங்கள் இரண்டு பாட்டுக்கு நடப்போம், ஒரு பாட்டு நேரம் பெஞ்சில் உட்கார்வோம். ஒரு பாட்டு மூன்று நான்கு நிமிடம் என்பதால் தனியாக நேரம் பார்க்க வேண்டியதில்லை. கதை பேசுவதெல்லாம் பெஞ்சில்தான். கண் கலங்க வைக்கும் பாட்டுகளையும் நான் பெஞ்சுக்கே ஒதுக்கி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு அவருடைய அக்காவை நினைவூட்டும் பாட்டு ஒன்று உண்டு. அதை நடக்கும்போது போட்டு, கண்ணீரோடு படி தெரியாமல் அவர் தடுமாறிய பிறகுதான் எனக்கு இது உறைத்தது. இப்போதும் அந்தப் பாட்டை அவரே கேட்பார். உட்கார்ந்த பிறகு, கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

வேகம் சரியா என்று பார்க்க அம்மாவின் முணுமுணுப்பையே நம்புகிறேன். நடந்துகொண்டே பாட முடிந்தால் உடல் இலேசாக உழைக்கிறது என்று பொருள். பேச முடிந்து பாட முடியாமல் போனால் உழைப்பு கூடியிருக்கிறது, பேச்சே திக்கினால் நிற்க வேண்டும். அம்மா வழக்கமாகப் பல்லவியிலேயே சேர்ந்துகொள்வார். சரணத்தின் நடுவில் அவர் குரல் நின்றால், நான் எதுவும் சொல்லாமல் என் நடையைத் தளர்த்துகிறேன். ஏழெட்டு அடிக்குள் அவரும் தளர்ந்துவிடுவார். பெரும்பாலும் அடுத்த பல்லவி வருவதற்குள் முணுமுணுப்பு திரும்பி வந்துவிடும்.